கேட்காத எண்களும் கொடுக்காத எண்களும்

பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணிதம் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்று, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஏழு முதல் ஒன்பது வயதுவரையிலான பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். 26-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 36. கப்பல் தலைவருக்குப் பொருத்தமான வயதுதான்.

ஆடுகளின் எண்ணிக்கைக்கும் மனிதரின் வயதுக்கும் தொடர்பில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதா? தெரியும். விளையாட்டுத் திடலில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். தாளில் எழுதி, கணக்கு வகுப்பில், ஆசிரியர் கையால் கொடுத்தபோதுதான் விடை வந்தது. இதே வகைக் கணக்கொன்றைப் போட்ட பிள்ளையின் வாய்மொழியை அமெரிக்கக் கல்வியாளர் கேத்தரின் மெர்செத் 1993-ல் எழுதிய கட்டுரையில் காணலாம். மந்தையில் 125 ஆடுகள், 5 நாய்கள். மேய்ப்பனுக்கு என்ன வயது? பிள்ளை முதலில் கூட்டிப் பார்க்கிறது; 130, இது அதிகம். கழித்தால் 120, அதுவும் அதிகம். வகுத்தால் 25. இது சரியாக வருகிறது, எனவே மேய்ப்பனுக்கு 25 வயது.

இதைச் சிந்திக்காமல் போட்ட விடை என்று தள்ளிவிட முடியாது. 130 வயதில் ஒருவர் ஆடு மேய்க்க மாட்டார் என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது. விடையைச் சரிபார்த்திருக்கிறது. கேள்வியை மட்டும் சரிபார்க்கவில்லை. கேள்வியைச் சந்தேகிப்பது தன் வேலை இல்லை என்று அது முன்பே முடிவுசெய்துவிட்டது. பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கி புரூசோ இதற்கு ஒரு கருத்தாக்கம் தந்தார்: வகுப்பறையில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கொடுத்த கணக்குக்கு விடை உண்டு, கொடுத்த எண்கள் எல்லாம் வேண்டியவை, வேண்டியவை எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கின்றன, இப்போது நடத்திய பாடத்தை வைத்தே விடை வரும். இந்த நான்கு விதிகளையும் எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்தவை அவை.

எங்கிருந்து கண்டுபிடித்தார்கள் என்பதைப் பார்க்க, வழக்கமான பயிற்சித்தாள் ஒன்றை எடுத்தால் போதும். தலைப்பு "கழித்தல்". கீழே பத்து வாக்கியக் கணக்குகள். ஒவ்வொன்றிலும் இரண்டே எண்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் பத்தும் சரி. நடுவில் இருக்கும் தமிழைப் படிக்கவே வேண்டாம். படித்தாலும் ஒரு சொல்லைத் தேடினால் போதும் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம்: "மொத்தம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி, "ஆளுக்கு" என்றால் வகு. தலைப்பில்லாத தாள் வந்தவுடன், "சார், இது கூட்டல் கணக்கா, கழித்தல் கணக்கா?" என்று குரல் எழுவது இதனால்தான். அந்தப் பிள்ளை தாளை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. கணக்கைத்தான் இன்னும் படிக்கவில்லை.

இப்படிப் படிப்பவரின் கண் எங்கே போகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர், கிறிஸ்டோபர் மங்க் ஆகியோர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் வாக்கியக் கணக்கைப் படிக்கும்போது கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். தவறு செய்தவர்களின் கண் எண்களுக்கும், கூடுதல் குறைவு என்ற சொற்களுக்கும் திரும்பத் திரும்பப் போனது. சரியாகப் போட்டவர்களின் கண் எந்தப் பொருள், எந்தக் கடை என்ற பெயர்களுக்குத் திரும்பியது. ஒருவர் எண்களைப் பொறுக்கியெடுக்கிறார். இன்னொருவர் என்ன நடக்கிறது என்று மனத்துக்குள் காட்சியாக்குகிறார். வேண்டாத எண் ஒன்றைத் தாளில் நுழைத்தால் முதலாமவர் அதையும் சேர்த்துப் பொறுக்கிக்கொள்வார்.

அப்படியானால் முன்கூட்டியே எச்சரித்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1990-களில் பெல்ஜியத்திலும் ஜப்பானிலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுக்கும்போதே, இதில் சில கணக்குகள் தெளிவில்லாதவை, போடவே முடியாதவையாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய மாற்றம் ஏதும் இல்லை. பல ஆண்டுப் பயிற்சித்தாள்கள் ஊட்டிய வழக்கத்தை ஒரு வரி எச்சரிக்கை மாற்றுவதில்லை. தாளை மாற்றித்தான் ஆகவேண்டும்.

எப்படி மாற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமான கணக்கில் சம்பந்தமில்லாத ஓர் எண்ணைச் செருகி, "வேண்டாததை அடித்துவிடு" என்று தலைப்பிடுகிறார்கள். பிள்ளை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறது: மூன்று எண் இருந்தால் ஒன்றை அடிக்கவேண்டும். பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதிய ஒப்பந்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதில் அடிப்படையான பிழை ஒன்று உண்டு. வேண்டியது, வேண்டாதது என்பது எண்ணின் குணம் அல்ல. கேள்விக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு அது. கேள்வி மாறினால் வேண்டாதது வேண்டியதாகும். ஆகவே ஒரே செய்தியை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டே போகும் தாள்தான் இந்தப் பழக்கத்தைத் தரும். ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம்.

"கமலா அக்கா ஒரு மெஸ் நடத்துகிறார். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று 1,400 ரூபாய். அவர் மூன்று சிப்பம் வாங்கினார். கடையிலிருந்து மெஸ்ஸுக்கு 4 கிலோமீட்டர். கொண்டுவந்து இறக்க ஆட்டோவுக்கு 120 ரூபாய் கொடுத்தார். கடைக்காரரிடம் 5,000 ரூபாய் நீட்டினார்."

இதில் கேள்வி இல்லை. வேண்டுமென்றே விட்டது. முதல் பத்து நிமிடம் தாளில் இவ்வளவுதான் இருக்கவேண்டும். இதை வைத்து என்னவெல்லாம் கேட்கலாம் என்று பிள்ளைகள் சொல்லட்டும். சோவியத் உளவியலாளர் வாடிம் குருடெட்ஸ்கி, கணிதத் திறன் பற்றிய 1968-ஆம் ஆண்டு நூலில் விவரித்த சோதனைகளில், கேள்வி இல்லாத கணக்கு, தகவல் குறைந்த கணக்கு, தகவல் மிகுந்த கணக்கு ஆகிய மூன்றையும் தனித்தனி வரிசைகளாகவே வைத்திருந்தார். அவர் கவனித்த ஒன்றை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது: திறமுள்ள மாணவர்களுக்குச் சில நாள் கழித்தும் கணக்கின் அமைப்பு நினைவிருந்தது, எண்களும் வேண்டாத விவரங்களும் மறந்துபோயின. திறம் குறைந்தவர்களுக்கு நேர்மாறாக விவரங்கள் நினைவிருந்தன, அமைப்பு இல்லை.

இனி முதல் கேள்வி: கடைக்காரர் எவ்வளவு திருப்பித் தரவேண்டும்? கணக்கைப் போடும் முன் பிள்ளை ஒரு வாக்கியம் எழுதவேண்டும், அதில் எண் எதுவும் இருக்கக்கூடாது. "கொடுத்த பணத்திலிருந்து மூன்று சிப்பத்தின் விலையைக் கழிக்கவேண்டும்." ('மூன்று' உள்ளே வந்துவிடுகிறதே என்றால், 'வாங்கிய சிப்பங்களின்' என்று மாற்றச் சொல்லலாம். கறாராக இருப்பது நல்லது.) இந்த வாக்கியம் இருந்தால் எண்கள் தாமாக வந்து உட்காரும்: 3 × 1,400 = 4,200; 5,000-இல் மீதி 800 ரூபாய். இதற்கு 25, 4, 120 மூன்றும் வேண்டாம்.

அந்த மூன்றும் ஒரே மாதிரி வேண்டாதவை அல்ல. 4 கிலோமீட்டரைப் பெரும்பாலான பிள்ளைகள் எளிதாக விட்டுவிடுவார்கள். ரூபாய்க்குள் கிலோமீட்டர் எங்கே வந்தது என்று அலகே காட்டிக்கொடுக்கிறது. 120 அப்படியல்ல. அதுவும் ரூபாய், அதுவும் கமலா அக்கா கொடுத்தது, அதுவும் இந்த அரிசிக்காகத்தான். ஆனால் அது ஆட்டோக்காரர் கைக்குப் போனது, கடைக்காரர் கைக்கு அல்ல. அதை அறிய யார் யாருக்குக் கொடுத்தார் என்ற காட்சி மனத்தில் ஓடவேண்டும். தாள் தயாரிப்பவர் அளக்க நினைப்பது இதையென்றால், சோதனை 120-இல் இருக்கிறது. 4-ஐ மட்டும் வைத்துவிட்டு, பிள்ளைகள் வேண்டாததைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

விடைகளே யார் எங்கே நின்றார் என்று சொல்லிவிடும். 680 எழுதியவர் வண்டிக் கூலியையும் கழித்திருக்கிறார். காட்சி பாதிதான் ஓடியிருக்கிறது. அவரிடம் "ஆட்டோக்காரருக்குக் கொடுத்த காசு கடைக் கல்லாவில் விழுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். 3,600 எழுதியவர் ஒரு சிப்பத்தின் விலையை மட்டும் கழித்திருக்கிறார். "மூன்று" எழுத்தால் இருந்ததால் கண்ணில் படவில்லை. எண்களைப் பொறுக்கும் கண் இலக்கங்களை மட்டுமே பொறுக்கும், அதனால் சில எண்களை எழுத்தில் வைப்பது நல்ல உத்தி. 676 எழுதியவர்? அவர் கிலோமீட்டரையும் கழித்துவிட்டார். இவருக்கு வேண்டாததைக் கண்டுபிடிக்கும் பயிற்சியால் பயனில்லை. கணக்குத் தாளைப் படிக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு இன்னும் வரவில்லை. அவருக்கு எண்கள் இல்லாத தாளிலிருந்து, கதையைத் தம் சொல்லில் சொல்வதிலிருந்து தொடங்கவேண்டும்.

இரண்டாம் கேள்வி: கடை விலைப்படி ஒரு கிலோ அரிசி என்ன விலை? 1,400 ÷ 25 = 56 ரூபாய். முன்பு வேண்டாத 25 இப்போது வேண்டியதாகிவிட்டது. முன்பு வேண்டியிருந்த மூன்று இப்போது வேண்டாம். ஒரு சிப்பம் வாங்கினாலும் முப்பது வாங்கினாலும் கிலோ 56-தான். மூன்றாம் கேள்வி: வண்டிக் கூலியும் சேர்த்து மெஸ்ஸுக்கு ஒரு கிலோ என்ன அடக்கமாகிறது? 4,200-உடன் 120 சேர்த்து 4,320. அதை 75 கிலோவால் வகுத்தால் 57 ரூபாய் 60 காசு. மூன்று மறுபடி உள்ளே வந்துவிட்டது, அதுவும் தவிர்க்கமுடியாமல். ஏன் வந்தது என்று பிள்ளையால் சொல்ல முடிந்தால் (ஒரு நடைக்கான கூலி எத்தனை கிலோவுக்குப் பங்காகிறது என்பது அளவைப் பொறுத்தது) அது பெருக்கல் வகுத்தலைத் தாண்டி எதையோ புரிந்துகொண்டிருக்கிறது. முதல் கேள்வியிலேயே "வேண்டாததை அடி" என்று சொல்லியிருந்தால் 25-உம் 120-உம் தாளில் கோடு விழுந்து கிடக்கும். அடிக்கச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நான்காவது: இந்த அரிசி எத்தனை நாள் வரும்? இங்கே தகவல் குறைகிறது. "விடை இல்லை" என்று பிள்ளை எழுதினால் ஏற்கக்கூடாது. விடை இருக்கிறது, அதற்கு வேண்டிய ஒன்று தாளில் இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சமைக்கிறார் என்று தெரியவேண்டும்" என்று குறையும் தகவலைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். கேட்டவுடன் ஆசிரியர் கொடுக்கலாம்: இரண்டரைக் கிலோ. 75 ÷ 2.5 = 30 நாள். கேட்டு வாங்கிய எண்ணைப் பிள்ளை தவறாகப் பயன்படுத்துவது அரிது, ஏனென்றால் அது எதற்கு என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறது.

குறையும் தகவலுக்கும், தேவையே இல்லாததால் சொல்லப்படாத தகவலுக்கும் வேறுபாடு உண்டு. சற்றுப் பெரிய வகுப்புகளில் இதைக் காட்டவேண்டும். ஒரு சேலையின் விலையை 10 சதவீதம் ஏற்றினார்கள், பிறகு ஏறிய விலையில் 10 சதவீதம் குறைத்தார்கள். பழைய விலையோடு ஒப்பிட்டால் இப்போது கூடுதலா, குறைவா, எத்தனை சதவீதம்? விலை சொல்லப்படவில்லை, தகவல் போதாது என்று பல மாணவர்கள் நிறுத்திவிடுவார்கள். விலை எதுவானாலும் அது 1.1 மடங்காகி, பிறகு அதன் 0.9 மடங்காகிறது, 0.99. ஒரு சதவீதம் குறைவு. ஜார்ஜ் போயா 1945-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கணிதச் சிந்தனை நூலில், தீர்க்கத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளச் சொன்ன கேள்விகளில், நிபந்தனைகள் போதுமா, போதாவா, மிகையா, முரணா என்பதும் ஒன்று. போதாது என்று சொல்வதற்கும் நிரூபணம் வேண்டும் என்பதை அந்தச் சேலைக் கணக்கு உணர்த்திவிடுகிறது. சொல்லாத தகவலுக்கு இரண்டு வேறு மதிப்புகளைப் போட்டுப் பார். விடை மாறினால் போதாது. 1,000 ரூபாய் சேலைக்கும் 2,000 ரூபாய் சேலைக்கும் அதே ஒரு சதவீதம் வந்தால், அந்தத் தகவல் வேண்டியதில்லையோ என்று சந்தேகிக்கலாம், பிறகு பொதுவாகக் காட்டலாம். வங்கித் தேர்வு எழுதுபவர்கள் தரவு போதுமா என்று கேட்கும் பகுதியில் திணறுவது பெரும்பாலும் இந்த ஒரு சோதனையைப் பள்ளியில் யாரும் பழக்காததால்தான் என்பது என் எண்ணம்.

2018 ஜனவரியில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், நான்சோங் நகரின் ஷுன்சிங் மாவட்டத்தில், ஐந்தாம் வகுப்புத் தேர்வுத்தாளில் அதே 26 செம்மறி, 10 வெள்ளாடு, கப்பல் தலைவர் வந்துசேர்ந்தார். தாளின் படம் பரவி ஊரெல்லாம் பேச்சானது. வினாவில் தவறில்லை, மாணவர்கள் எதையும் ஆராய்ந்து பார்க்கும் மனப்பான்மையைச் சோதிக்கவே வைத்தோம் என்று கல்வித்துறை விளக்கியது. இணையத்தில் ஒருவர் ஆடுகளின் எடையைக் கணக்கிட்டு, அவ்வளவு சரக்கு ஏற்றும் கப்பலை நடத்த உரிமம் பெற வேண்டிய ஆண்டுகளைச் சேர்த்து, தலைவருக்குக் குறைந்தது 28 வயது இருக்கவேண்டும் என்று வாதிட்டார். வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் மதிப்பெண் உள்ள தேர்வில், முன்பு ஒருமுறையும் இப்படிக் கேட்காமல், திடீரென்று ஒன்றே ஒன்றை வைப்பது சோதனையாகாது. ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் சொல்லாமல் முறிப்பது அது. பழக்கிய பிறகு கேட்டால் நியாயம்.

பழக்குவதிலும் அளவு வேண்டும். ஒரு செய்கையை முதன்முதலாகக் கற்கும் வாரத்தில் வேண்டாத தகவலைச் சேர்த்தால், புதிய செய்கை நினைவில் பதிய வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஜான் ஸ்வெல்லர் வழிவந்த ஆய்வாளர்கள் இதை நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். நீள்வகுத்தல் கை பழகாத பிள்ளைக்கு 57 ரூபாய் 60 காசு வரும் கணக்கைக் கொடுத்தால் இரண்டும் கெடும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றிருக்கும் பிள்ளைக்குக் கூடுதல் வாக்கியம் ஒவ்வொன்றும் கணக்கல்ல, மொழிச் சுமை. அவர் வேண்டாத எண்ணை எடுத்தால் அது கணித அறிவின் குறையா, படிப்பின் குறையா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாய்விட்டுப் படித்துக்காட்டி மறுபடி கேட்டால் தெரியும்.

இன்னொரு கோளாறு எதிர்ப்பக்கம். ஓரிரு மாதம் இப்படிப் பழகிய வகுப்பில் சில பிள்ளைகள் எதையும் நம்பமாட்டார்கள். கமலா அக்கா கணக்கிலேயே, "கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தாரா என்று சொல்லவில்லை, அதனால் போதாது" என்று எழுதுவார்கள். இது அறிவின் அடையாளம்தான், ஆனாலும் அப்படியே விட்டால் ஒரு கணக்கும் நகராது. "தள்ளுபடி இல்லை என்று வைத்துக்கொண்டால் 800 ரூபாய்" என்று அனுமானத்தை எழுதி விடையும் எழுதப் பழக்கவேண்டும். இந்தக் கோளாறைக் கண்டுகொள்ள எளிய வழி, தாளில் சாதாரணக் கணக்குகளை நிறையக் கலந்துவைப்பது. 1990-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் ரெனே லோ, ரே ஓவர் இருவரும் நடத்திய சோதனைகளில், விடை காணாமல், தகவல் போதும், குறைகிறது, மிகுகிறது என்று வகைபிரிக்க மட்டுமே உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கேட்டார்கள். சரியாகப் பிரித்தவர்களே பெரும்பாலும், விடை காணச் சொன்னபோதும் சரியாகப் போட்டார்கள். பத்தில் ஆறு சாதாரணம், இரண்டு மிகுதி, இரண்டு குறைவு என்று கலந்து, வரிசையை ஒவ்வொரு தாளிலும் மாற்றினால், சாதாரணக் கணக்கைப் "போதாது" என்று தள்ளும் பிள்ளையும், குறைந்த கணக்குக்கு விடை எழுதும் பிள்ளையும் தனித்தனியே தெரிவார்கள். மிகுதியையும் குறைவையும் ஒரே தாளில் பாதிக்குப் பாதி வைத்தால் இது தெரியாது.

மதிப்பெண் போடும் முறையையும் இதற்கேற்ப அமைக்கவேண்டும். "தகவல் போதாது" என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. அதைக் குருட்டாம்போக்கில் எழுதிவிடலாம். எந்தத் தகவல் குறைகிறது என்று பெயர் சொன்னால் பாதி. அதற்கு ஏற்றவொரு மதிப்பைத் தானே வைத்துக்கொண்டு விடையும் கண்டால் முழு மதிப்பெண். ஆனால் மெஸ்ஸில் ஒரு நாளைக்கு 40 கிலோ சமைக்கிறார் என்று வைத்துக்கொண்டு, 75 கிலோ இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும் என்று எழுதியவருக்கு என்ன போடுவது? கணக்கு சரி. ஊர்த் திருவிழா என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் முழுதும் போடுவேன்.